வியாழனும் திங்களும் லீவு போட்டா அஞ்சு நாள் காலி: சாண்ட்விச் ரூல்ல எந்த வழி தேறும்?

இந்த 2026ல மே 1 வெள்ளிக்கிழமை வருது, அன்னைக்கே சித்ரா பௌர்ணமி, விடியக்காலம் அழகர் ஆத்துல இறங்குறாரு. மதுரைக்காரனுக்கு இதைவிட தோதா காலண்டர் அமையாது. முந்தின நாள் வியாழன் எதிர்சேவை, சனி ஞாயிறு எப்படியும் ஆபீஸ் கிடையாது, திங்கட்கிழமை மே 4 காலையில குலதெய்வம் கோயில்ல தங்கச்சி பையனுக்கு மொட்டையும் காதுகுத்தும். வியாழன் ஒண்ணு, திங்கள் ஒண்ணு, ரெண்டு நாள் லீவு போட்டா அஞ்சு நாள் ஊர்ல இருக்கலாம்னு சந்தோஷமா போர்ட்டலைத் திறந்து ஏப்ரல் 30 டு மே 4ன்னு போட்டேன், கீழ பொடி எழுத்துல 5 நாள்னு காட்டுது. பேலன்ஸ் 11 இருந்துச்சு, சப்மிட் அமுக்கினா 6.

இதுதான் சாண்ட்விச் ரூல். ரெண்டு பக்கமும் லீவு, நடுவுல வீக்கெண்டோ கவர்மெண்ட் ஹாலிடேயோ மாட்டிக்கிச்சுன்னா அதையும் லீவா எண்ணிடுவாங்க. என் கணக்குல வெள்ளி மே தினம், சனி, ஞாயிறு, இந்த மூணும் எனக்கு ஏற்கனவே சேர வேண்டிய நாளு, ஆனா ரெண்டு பக்கமும் நான் லீவு வெச்சதால அதுவும் என் லீவுல இருந்தே கழியுது.

நான் முந்தி ஒரு வருஷத்துக்கு மேல பேரோல் டீம்ல உக்காந்திருக்கேன், அதனால இதை ரெண்டு பக்கமும் இருந்து பாத்தாச்சு. இப்ப நமக்கு இருக்குற வழிகளை ஒண்ணு ஒண்ணா வெச்சு எது எவ்வளவு முழுங்குது, எதுல சிக்கல் வரும்னு பாக்கலாம், நான் கடைசியில எதை எடுத்தேன்னும் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், ஏன்னா இதுல பாதி பேரு குழம்புறாங்க. லீவு ஒரு பக்கம் மட்டும் இருந்தா அது சாண்ட்விச் இல்ல. வெள்ளி லீவு போட்டு சனி ஞாயிறு வீட்ல இருந்து திங்கள் வேலைக்கு வந்துட்டா ஒரு நாள்தான் போகும். அதே மாதிரி லீவு நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் ஹாலிடேன்னாலும் இல்ல, இந்த வருஷம் தமிழ் வருஷப்பிறப்பு செவ்வாய்க்கிழமை, திங்கள் 13ம் தேதி ஒரு லீவு போட்டவங்களுக்கு சனில இருந்து செவ்வாய் வரைக்கும் நாலு நாள் கிடைச்சிருக்கும், கழிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். பிரெட்டு ரெண்டும் லீவா இருந்து நடுவுல இருக்குறது ஹாலிடேயா இருந்தாதான் இந்த ரூல் பாயும், திருப்பிப் போட்டா பாயாது.

இதை யாரோ எச்ஆர் உக்காந்து வன்மத்துல கண்டுபிடிச்சாங்கன்னு நெனச்சிடாதீங்க. சென்ட்ரல் கவர்மெண்ட் ஊழியர்களுக்கு ரொம்ப காலமா இப்படித்தான். அவங்களோட 1972 லீவு விதிகள்ல ஏர்ன்டு லீவுங்கிறது ஒரு தொடர்ச்சியான காலம், ஆரம்பத்துலயும் முடிவுலயும் வர்ற ஞாயிறை ஒட்ட வெச்சுக்கலாம், அது கழியாது, ஆனா நடுவுல வர்றது லீவுலதான் சேரும். அதே ஆளு கேஷுவல் லீவு போட்டாருன்னா நடுவுல வர்ற ஞாயிறு, ஹாலிடே எதுவும் கணக்குல வராது. வருஷத்துக்கு 8 கேஷுவல் லீவுதான், ஆனா அந்த 8 நாளுக்கு இந்த பலம் இருக்கு, அதை வேற லீவோட சேத்து போட மட்டும் விடமாட்டாங்க. எங்க மாமா ஒருத்தர் சென்ட்ரல் கவர்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர், வெள்ளி திங்கள் வேணும்னா கேஷுவல் லீவு, ரெண்டு வாரம் காசி ராமேஸ்வரம்னா ஏர்ன்டு லீவுன்னு கண்ண மூடிட்டு சொல்லுவாரு. பல பிரைவேட் கம்பெனிங்க இந்த ரெண்டுல கடுமையானதை எடுத்து எல்லா லீவுக்கும் போட்டுட்டாங்க, அதான் வினையே.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, பழைய 1948 ஃபேக்டரீஸ் சட்டத்துல 79வது பிரிவுலயே தொழிலாளிக்கு வருஷாந்திர லீவுல, நடுவுல வந்தாலும் சரி ரெண்டு முனையில வந்தாலும் சரி, ஹாலிடேயை சேக்கக்கூடாதுன்னு இருந்துச்சு. 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்பு சட்டத்தொகுப்புலயும் 32வது பிரிவுல அதே விஷயம் தொடருது. ஆனா இது 20 நாள் வேலைக்கு ஒரு நாள்னு சேருதே, அந்த ஏர்ன்டு லீவுக்குத்தான், கேஷுவல் லீவு, சிக் லீவு பத்தி அங்க பேச்சே இல்ல. மேனேஜர் மாதிரி நிர்வாகப் பொறுப்புல இருக்கறவங்க அதுல தொழிலாளிங்கிற வரையறைக்குள்ளயே வரமாட்டாங்க. ஆபீஸ் வேலை பாக்குற நம்ம மாதிரி ஆளுங்க தினசரி மோதுறது கம்பெனி பாலிசியோடதான். அதனால முதல்ல அந்த பாலிசி பிடிஎஃப்பை எடுங்க, பல பேரு சேர்ந்த அன்னைக்கு டிக் அடிச்சதோட சரி, திறந்தே பாத்திருக்க மாட்டாங்க. அதுல மூணு விஷயம் தேடணும்: வீக்கெண்டு மட்டுமா இல்ல டிக்ளேர் பண்ண ஹாலிடேயும் சேருமா, எந்தெந்த லீவுக்கு, அரை நாள் லீவை எப்படி பாக்குறாங்க. எங்க பாலிசில முதல் ரெண்டும் பளிச்சுனு இருந்துச்சு, எல்லா லீவுக்கும் ரெண்டுமே சேரும். மூணாவது பத்தி ஒரு வரி கூட இல்ல. இது ஞாபகம் இருக்கட்டும், பின்னாடி வரும்.

சரி, முதல் வழி, ஒண்ணும் யோசிக்காம அஞ்சு நாளையும் குடுத்துட்டு போறது. பேலன்ஸ் நிறைய இருந்து வருஷக் கடைசில எப்படியும் லேப்ஸ் ஆகப்போற லீவுன்னா இது ஒண்ணும் தப்பில்ல, வீணா போறது இங்க போகுதுன்னு விட்டுடலாம், மண்டையை ஒடச்சுக்க வேணாம். எனக்கு 11 இருக்கு, தீபாவளிக்கு வேணும், அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் ஒண்ணு பாக்கியிருக்கு, அதனால எனக்கு இது ஆகாது.

பேலன்ஸே இல்லாதவங்களுக்கு இந்த வழி இன்னும் மோசம், ஏன்னா அங்க போறது லீவு இல்ல, சம்பளம். மாசம் 60,000 வாங்குறவருன்னு வைங்க, 30ல வகுத்தா ஒரு நாளைக்கு 2,000. ரெண்டு நாள் லாஸ் ஆஃப் பேன்னா 4,000, சாண்ட்விச் சேந்து அஞ்சு நாளுன்னா 10,000. இதுல ஒரு இடம் கண்டிப்பா செக் பண்ணணும். சில கம்பெனில ஒரு நாள் சம்பளத்தை 30ல வகுக்காம வேலை நாளால வகுப்பாங்க, அந்த மாசம் 22 வேலை நாளுன்னா ஒரு நாளைக்கு 2,727 ரூபா. அப்படி வகுத்துட்டு சனி ஞாயிறையும் சேத்து அஞ்சு நாளுன்னு பெருக்குனாங்கன்னா 13,600 சொச்சம் போயிடும். வகுக்கும்போது சனி ஞாயிறுக்கு சம்பளமே இல்லன்னு வெளிய தள்ளிட்டு கழிக்கும்போது மட்டும் அதுக்கும் சம்பளம் இருக்குன்னு உள்ள இழுக்குறது கணக்கே இல்ல. நான் பேரோல்ல இருந்தப்ப இப்படி ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, யாரும் வேணும்னு செஞ்சதில்ல, வகுக்குற செட்டிங்கை ஒருத்தர் வெச்சிருக்காரு, லீவு செட்டிங்கை இன்னொருத்தர் வெச்சிருக்காரு, ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. ஒரு பொண்ணு பேஸ்லிப்பை எடுத்துட்டு வந்து கால்குலேட்டர்ல போட்டுக் காட்டினப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. அதனால லாஸ் ஆஃப் பே விழுந்தா நாள் எண்ணிக்கையை மட்டும் பாக்காதீங்க, எதால வகுத்திருக்காங்கன்னும் பாருங்க.

ரெண்டாவது வழி லீவை ஒரே பக்கமா ஒதுக்குறது. எல்லாத்துலயும் சுத்தமான வழி இதுதான், யாரையும் கேக்க வேணாம், பாலிசில எந்த ஓட்டையும் தேட வேணாம். புதன் 29, வியாழன் 30 ரெண்டு நாளு லீவு, அப்புறம் வெள்ளி சனி ஞாயிறு, திங்கள் காலையில சீட்ல இருக்கணும். இதுவும் அஞ்சு நாள்தான், கழியுறது ரெண்டு. இல்ல திங்கள் செவ்வாய்னு பின்பக்கம் தள்ளுனாலும் அதே கணக்கு. ஊர்ல இருக்குற நாள் எண்ணிக்கை ஒண்ணுதான், லீவு எங்க நிக்குதுங்கிறதுக்கு மூணு நாள் வித்தியாசம்னா பாத்துக்கங்க. டூர் போறவங்க, சும்மா வீட்டுக்கு போறவங்க எல்லாருக்கும் நான் இதைத்தான் சொல்லுவேன், தேதி உங்க கையில இருந்தா வேற எதையும் யோசிக்காதீங்க.

ஆனா தேதி என் கையில இல்லையே. தங்கச்சிக்கு போன் போட்டு காதுகுத்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்த முடியுமான்னு கேட்டேன். "அண்ணே, பூசாரிகிட்ட சொல்லி ஆட்டுக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு, ஞாயித்துக்கிழமை அவுங்க பங்காளி வீட்ல வேற விசேஷம். நீ வரலைன்னா புள்ளைய யாரு மடியில உக்கார வைக்கிறது?"ன்னா. தாய்மாமன் மடி இல்லாம காதுகுத்து நடக்காது, அதுக்கு மேல பேச்சே இல்ல. சரி வியாழனை விட்டுட்டு வெள்ளி காலையில கிளம்பலாமான்னா அழகர் ஆத்துல இறங்குறதே விடியக்காலம், நான் திண்டிவனம் தாண்டும்போது அவர் மண்டகப்படில இருப்பாரு. ஆக எனக்கு ரெண்டு முனையும் வேணும்.

மூணாவது வழி வொர்க் ஃப்ரம் ஹோம். திங்கட்கிழமை மதுரையில இருந்தே லாகின் பண்ணிட்டா அது வேலை நாள், ஒரு பக்கம் பிரெட்டே இல்ல, வியாழன் ஒரு லீவோட முடிஞ்சுது. கணக்குல பாத்தா இதுதான் மலிவு. ஆனா யோசிச்சுப் பாருங்க, கோயிலு ஊருக்கு வெளிய, டவர் ஒரு கட்டம்தான் எடுக்கும், காலையில மொட்டை, அப்புறம் காதுகுத்து, மொய், கறிச்சோறு, இதுல பத்து மணி ஸ்டாண்டப் கால்ல நான் என்னத்தை பேச? பேருக்கு லாகின் பண்ணிட்டு மவுஸை ஆட்டிட்டு இருக்குறது எனக்கு ஒத்துவராது, மாட்டினா போறது மூணு லீவு இல்ல, பேரு. நெசமாவே ஊர்ல நல்ல நெட்டு இருந்து, அன்னைக்கு விசேஷம் எதுவும் இல்லாம பயணத்துக்காக மட்டும் திங்கள் வேணும்னு இருக்கறவங்களுக்கு இது ரொம்ப நல்ல வழி, அவங்க லீவுக்கு பதிலா முதல்ல இதைத்தான் மேனேஜர்கிட்ட கேக்கணும். இன்னொண்ணு, ஹைப்ரிட் கம்பெனில சிலது வீக்கெண்டை ஒட்டி வர்ற வொர்க் ஃப்ரம் ஹோமுக்கு தனி அப்ரூவல் கேப்பாங்க, அதையும் பாத்துக்கங்க.

நாலாவது காம்ப் ஆஃப், ரெஸ்ட்ரிக்டட் ஹாலிடே இந்த ரகம். நான் போன மாசம் ஒரு சனிக்கிழமை ரிலீசுக்கு வந்திருக்கேன், ஒரு காம்ப் ஆஃப் கிடக்கு, அதை வியாழனுக்கு போட்டா அது லீவு இல்லையே, ஏற்கனவே உழைச்ச நாளுக்கு பதில் நாள்தானேன்னு நெனச்சேன். நியாயம் அப்படித்தான், ஆனா பல சாஃப்ட்வேர்ல காம்ப் ஆஃபும் ஒரு லீவு டைப்பாத்தான் உள்ள உக்காந்திருக்கும், அதனால அதுவும் ஒரு பிரெட்டாயிடும். கம்பெனி குடுக்குற லிஸ்ட்ல இருந்து நாமளா எடுத்துக்குற ரெஸ்ட்ரிக்டட் ஹாலிடேல இன்னும் கூத்து, ஒரு கம்பெனி அதை லீவா பாக்கும், இன்னொண்ணு ஹாலிடேயா பாக்கும். ஹாலிடேயா பாத்தா அது பிரெட்டுல இருந்து தப்பிச்சு நடுவுல போய் மாட்டிக்கும், நீங்க அதுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாள் லீவு போட்டிருந்தீங்கன்னா நீங்களா தேர்ந்தெடுத்த அந்த ஹாலிடேயும் சேந்து கழியும். எழுத்துல கேட்டு வாங்காம இந்த வழில இறங்காதீங்க. எங்க கம்பெனில காம்ப் ஆஃபும் லீவுதான்னு பாலிசில தெளிவாவே இருந்துச்சு, கதவை சாத்திட்டாங்க.

அஞ்சாவது, ஆபீஸ் கேன்டீன்ல எல்லாரும் காதுல ஓதுறது. ஒரே அப்ளிகேஷனா போடாத, வியாழனுக்கு தனியா ஒண்ணு, திங்களுக்கு தனியா ஒண்ணு போடு, சிஸ்டம் கண்டுபிடிக்காதுன்னு. இது பல இடத்துல உண்மை, ஏன் உண்மைன்னு சொல்றேன். உதாரணத்துக்கு ஃப்ராப்பே எச்ஆர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், அதுல ஒவ்வொரு லீவு டைப்புலயும் `Include holidays within leaves as leaves`ன்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு. டிக் இருந்தா ஒரு அப்ளிகேஷனோட ஆரம்பத் தேதில இருந்து முடிவுத் தேதி வரைக்கும் எல்லா நாளையும் எண்ணும், டிக் இல்லன்னா நடுவுல வர்ற ஹாலிடேயை கழிச்சுட்டு எண்ணும், அவ்வளவுதான். அது பாக்குறது ஒரு அப்ளிகேஷனுக்குள்ள மட்டும், முந்தின அப்ளிகேஷன் எங்க முடிஞ்சுதுன்னு அந்த டிக் திரும்பிப் பாக்காது. அதனால ரெண்டா போட்டா 1 + 1, ஒண்ணா போட்டா 5. வேற சில சாஃப்ட்வேர்ல முன்னாடி பின்னாடி இருக்குற அப்ளிகேஷனையும் பாத்து தானா சேத்துக்குற செட்டிங் இருக்கும், எச்ஆர் அதை ஆன் பண்ணியிருந்தா இந்த தந்திரம் எடுபடாது.

எடுபட்டாலும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன். சாஃப்ட்வேர் விட்டாலும் பேரோல்ல ஆளு இருக்காங்க. மாசம் 25ம் தேதி கட் ஆஃப்னு வைங்க, அதுக்கு முன்னாடி அட்டென்டன்ஸ் ஷீட்டை எடுத்து ஒரு கண்ணு ஓட்டுவோம், லீவு, ஹாலிடே, வீக்கெண்டு, லீவுன்னு வரிசையா கலர் மாறி நின்னா அது கண்ணுல அப்படியே அடிக்கும். நான் பண்ணதே அதான், பாவம்னு சிலதை விட்டிருக்கேன், சிலதை விட முடியல. என் கேஸ்ல இன்னொரு சிக்கல், ஏப்ரல் 30 கட் ஆஃபுக்கு அப்புறம் வருது, அதனால ஏப்ரல் சம்பளத்துல ஒண்ணும் தெரியாது, எல்லாம் மே கணக்குலதான் விழும். மே கடைசில திடீர்னு மூணு நாள் அட்ஜஸ்ட்மெண்ட்டுன்னு ஒரு வரி வந்து நிக்கும், அப்ப போய் எனக்கு தெரியாதேன்னு சொன்னா எடுபடுமா? பாலிசி தெரிஞ்சும் பிரிச்சுப் போட்டிருக்கான்னுதான் நெனப்பாங்க.

இந்த இடத்துல ஒரு பழைய வயித்தெரிச்சல். முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு, ஃப்ரெண்டு நிச்சயதார்த்தம், திங்கள் வேலைக்கு வர்றதாதான் பிளான். ஞாயிறு ராத்திரி காய்ச்சல் 102, திங்கள் எந்திரிக்க முடியல, சிக் லீவு மெயில் போட்டேன். ரெண்டு நாள் போக வேண்டியது நாலு நாளா போச்சு, அதுவும் சனி ஞாயிறை சிக் லீவுல கழிக்காம ஏர்ன்டு லீவுல கழிச்சாங்க. போய் கேட்டா டாக்டர் சர்டிஃபிகேட் இருந்தா பாக்கலாம்னாங்க, ஒரு நாள் காய்ச்சலுக்கு எவன் சர்டிஃபிகேட் வாங்குவான்? அதுல இருந்து ஒரு பழக்கம், லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்கு உடம்பு சரியில்லைன்னா பத்து நிமிஷம் கிளினிக்ல போய் ஒரு சீட்டு வாங்கிடுவேன், ஓபி சீட்டா இருந்தாலும் பரவாயில்ல, தேதி இருக்கணும். பிளான் பண்ணி போடுற லீவும் திடீர்னு வர்ற நோவும் ஒண்ணுன்னு நெனக்கிற பாலிசி மோசமான பாலிசி, ஆனா அந்த சீட்டு கையில இருந்தா மேனேஜர் கொஞ்சம் தலையிடுவாரு.

நியாயத்துக்கு கம்பெனி பக்கமும் ஒரு வரி சொல்லிடறேன். ஷிப்ட் ஓடுற இடம், சப்போர்ட் டெஸ்க், ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல வெள்ளியும் திங்களும் பாதி டீம் காணாம போனா மீதி பேரு சாகணும், அங்க இந்த ரூல் ஒரு வேலி. என்னைய மாதிரி தனியா உக்காந்து கோட் அடிக்கிறவனுக்கு அந்த வேலி எதுக்குன்னுதான் புரியல.

இப்ப ஆறாவது வழி, நான் எடுத்தது. அரை நாள். வியாழன் காலையில ஆபீஸ், மத்தியானம் மட்டும் லீவு. எழும்பூர்ல மத்தியானம் கிளம்புற வைகை எக்ஸ்பிரஸை பிடிச்சா ராத்திரி ஒன்பது சொச்சத்துக்கு மதுரை, எதிர்சேவை எப்படியும் விடிய விடிய நடக்குறதுதான், வீட்ல பையைப் போட்டுட்டு தல்லாகுளம் போயிடலாம், அங்கிருந்து விடியக்காலம் ஆத்துக்கு. திங்கள் முழு லீவு. ஆக அரை நாளும் ஒரு நாளும், ஒண்ணரை.

கேள்வி என்னன்னா, வியாழன் நான் பாதி வேலை பாத்ததால சங்கிலி அறுந்துச்சா இல்லையா? இதுலதான் கம்பெனிக்கு கம்பெனி மாறுது. ஒரு ரகம், அன்னைக்கு அரை நாள் வேலை பாத்தாலே அது வேலை நாள், பிரெட்டு இல்ல, ஆக சாண்ட்விச்சே இல்லன்னு விட்டுடுவாங்க. இன்னொரு ரகம், ஹாலிடேயை ஒட்டி நிக்குறது எந்தப் பாதின்னு பாப்பாங்க. வியாழன் காலை லீவு, மத்தியானம் வேலைன்னா ஹாலிடேயை தொட்டு நிக்குறது வேலை, தப்பிச்சீங்க. ஆனா காலை வேலை, மத்தியானம் லீவுன்னா தொட்டு நிக்குறது லீவு, மாட்டினீங்க. ஊருக்கு போறவன் எவனாவது காலையில லீவு போட்டு மத்தியானம் ஆபீஸ் வருவானா, ஆனா ரூல் எழுதுனவங்க அப்படி எழுதியிருக்காங்க. திங்கள் பக்கம் இது தலைகீழ், காலை லீவு போட்டா வீக்கெண்டை தொடும், மத்தியானம் போட்டா தொடாது.

அரை நாளுக்கும் சாண்ட்விச் பாஞ்சா என் கணக்கு அரை, அப்புறம் மூணு, அப்புறம் ஒண்ணு, மொத்தம் நாலரை. பாயலைன்னா ஒண்ணரை. நடுவுல எதுவும் கிடையாது, அதனால பாலிசில அந்த ஒரு வரி இல்லாதது எனக்கு மூணு நாள் பெறுமானம். மேனேஜர் வாய்ல சரிப்பான்னு சொல்றது இதுக்கு பத்தாது, அவர் அப்ரூவ் பண்றது நீங்க போறதைத்தான், எத்தனை நாள் கழியும்னு முடிவு பண்றது அவர் இல்ல. நேரா எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டேன், சுத்தி வளைக்காம:

"ஏப்ரல் 30 மத்தியானம் அரை நாள், மே 4 முழு நாள் ஏர்ன்டு லீவு எடுக்கலாம்னு இருக்கேன். 30ம் தேதி காலை ஆபீஸ்ல இருப்பேன். மே 1, 2, 3 கழியுமா கழியாதான்னு பாலிசில இல்ல, கொஞ்சம் கன்ஃபார்ம் பண்ணுங்க. மே 1 கண்டிப்பா தர வேண்டிய தேசிய விடுமுறைங்கிறதால அதை லீவா எண்ணலாமாங்கிறதையும் சேத்து பாத்து சொல்லுங்க."

கடைசி வரி சும்மா சேத்தது இல்ல. தமிழ்நாட்டுல தொழில் நிறுவனங்களுக்கான 1958 தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த நாலும் கண்டிப்பா தரணும், அதோட பண்டிகை விடுமுறை அஞ்சு. சட்டமே சம்பளத்தோட குடுக்கச் சொன்ன ஒரு நாளை எடுத்து என் லீவு பேலன்ஸ்ல கழிக்கிறது சனி ஞாயிறைக் கழிக்கிற மாதிரி அவ்வளவு லேசா நியாயப்படுத்த முடியாதுங்கிறது என் கட்சி. சண்டைக்கு நிக்கல, கேள்வியா மட்டும் வெச்சேன், கேள்வியா வெச்சா பதில் சொல்றவங்களும் ஒரு தடவை யோசிப்பாங்க.

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, ரெண்டே வரி. அரை நாள் வேலை பாத்தா அன்னைக்கு பிரசன்ட், வீக்கெண்டும் ஹாலிடேயும் கழியாது, ஆனா 30ம் தேதி காலையில குறைஞ்சது நாலு மணி நேரம் ஸ்வைப் இருக்கணும். மே 1 பத்தின கேள்விக்கு பதிலே இல்ல, நைசா தாண்டிட்டாங்க, சரி இந்த தடவைக்கு எனக்கு அது தேவைப்படலைன்னு நானும் விட்டுட்டேன்.

நாலு மணி நேரம்கிறதுதான் இப்ப தலைவலி. எங்க ஆபீஸ் ஓஎம்ஆர்ல உள்ள தள்ளி இருக்கு, அங்கிருந்து எழும்பூர் வரைக்கும் வியாழன் மத்தியானம் ட்ராஃபிக்குல ஒண்ணரை மணி நேரம் வெச்சுக்கணும். காலையில ஏழே காலுக்கு ஸ்வைப் பண்ணாதான் பதினொண்ணேகாலுக்கு வெளிய வர முடியும், செக்யூரிட்டி அண்ணன்கிட்ட மெயின் கேட்டு எத்தனை மணிக்கு திறப்பீங்கன்னு கேட்டு வெச்சாச்சு, ஆறரைக்கேன்னாரு. ஸ்வைப் மறந்துட்டு அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்னு இருந்துடக்கூடாது, அந்த ரிக்வெஸ்ட் அப்ரூவ் ஆகாம கிடந்து பேரோல் ஓடிடுச்சுன்னா 30ம் தேதி முழு நாள் ஆப்சென்ட், ஒண்ணரைல நின்ன கணக்கு மறுபடி அஞ்சுக்கே போயிடும்.

போர்ட்டல்ல ரெண்டு அப்ளிகேஷனாதான் போட்டேன், அரை நாளுக்கு ஒண்ணு, திங்களுக்கு ஒண்ணு, ரெண்டுலயும் ரிமார்க்ஸ்ல எச்ஆர் மெயில் தேதியை எழுதி அந்த மெயிலையே அட்டாச் பண்ணிட்டேன், யாரும் இதை தந்திரம்னு சொல்ல முடியாது. பேலன்ஸ் 9.5ன்னு காட்டுது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சாச்சு, மே சம்பளம் வந்ததும் அதை எடுத்து பேஸ்லிப்போட வெச்சுப் பாக்கணும்.

தங்கச்சிக்கு விஷயத்தை சொன்னேன், "அரை நாள் லீவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம், டிக்கெட்டு போட்டியா இல்லையா?"ன்னு கேட்டா. போட்டேன், வைகையில வெயிட்டிங் லிஸ்ட் 14.